முளைக்காத மல்லாட்டை விதை: எங்கள் விதைக்கடை உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

விதைக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

மார்கழி முதல் வாரத்தில் உங்கள் கடையில் நான் வாங்கிய கதிரி 6 ரக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விதை, பாதிகூட முளைக்கவில்லை. அதைச் சொல்ல வந்தபோது, "விதையில ஒரு கொறையும் இல்ல, நீ ஆழமா போட்டிருப்ப, இல்லன்னா தண்ணிய தப்பா வுட்டிருப்ப" என்று கடையில் நின்ற எல்லோர் முன்னாலும் சொல்லி அனுப்பினீர்கள். மறுபடி வந்தபோது, "நாங்க வாங்கி விக்கிறவங்க, கம்பெனியப் போய்க் கேளு" என்றீர்கள். இப்போது விதைப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கை என் கையில் இருக்கிறது. அதோடு, நீங்கள் சொன்ன இரண்டு பதில்களும் ஏன் நிற்காது என்பதையும் எழுதுகிறேன். கல்லாவுக்கு முன்னால் நின்று பேசினால் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள், அதனால் எழுத்தில். அதே லாட் எண் மூட்டையை வாங்கிய மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாக.

நான் வாங்கியது 30 கிலோ மூட்டை நான்கு. கிலோ 160 ரூபாய் கணக்கில் 19,200 ரூபாய். முதலில் எஸ்டிமேட் என்று போட்ட துண்டுச் சீட்டைக் கொடுத்தீர்கள். ரகமும் லாட் எண்ணும் போட்ட பில் வேண்டும் என்று நின்று கேட்டு வாங்கினேன். மூட்டையில் பச்சை அட்டை தைத்திருந்தது, உண்மைநிலை விதை, அதாவது கம்பெனியே தரம் சொல்லி விற்கும் விதை. முளைப்புத் திறன் குறைந்தது 70 சதவீதம் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. ஏக்கருக்கு 55 கிலோ வீதம் இரண்டு ஏக்கருக்கு 110 கிலோ போனது. மீதி 10 கிலோ, அட்டையும் தையலின் ஒரு பக்கமும் கலையாமல் அந்த மூட்டையிலேயே இருக்கிறது.

என் கொல்லை மொத்தம் இரண்டரை ஏக்கர், ஒரே துண்டு, செம்மண். அதில் வடக்கே அரை ஏக்கருக்கு என் சொந்த விதையைப் போட்டேன். அதுவும் கதிரி 6 தான். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக எடுத்த மல்லாட்டையில், பறிக்கும்போது மழையில் நனையாமல் தப்பியது அவ்வளவுதான். அதைத் தோலோடு காயவைத்து, கோணியில் கட்டி, விதைக்க நாலு நாள் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் கையால் உடைத்துப் பொறுக்கி எடுத்தார்கள். இரண்டு விதையையும் ஒரே டிரைகோடெர்மா பாக்கெட்டிலிருந்து கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்தேன். ஒரே நாளில், ஒரே ஏர், ஒரே ஆட்கள். அடிக்கு ஒரு சால், சாணுக்கு இரண்டு விதை, இரண்டு விரல்கடை ஆழம். உயிர்த்தண்ணீர் ஒரே கிணற்றிலிருந்து ஒரே வேளையில் பாய்ந்தது.

பதினைந்தாம் நாள் வாக்கில் உதவி வேளாண்மை அலுவலர் வந்தார். மீட்டருக்கு மீட்டர் குச்சிச் சட்டம் ஒன்று கட்டி, கொல்லையில் ஐந்து இடத்தில் போட்டுச் செடியை எண்ணினோம். இந்த இடைவெளியில் ஒரு சட்டத்துக்குள் 33 செடி இருக்க வேண்டும். என் சொந்த விதை போட்ட அரை ஏக்கரில் சராசரி 28. உங்கள் விதை போட்ட இரண்டு ஏக்கரில் சராசரி 13. சால் நடுவில் வரப்புப் போட்டு விதையைப் பிரித்த இடம் வரைக்கும் பச்சை, அதற்குத் தெற்கே மண். படம் எடுத்திருக்கிறேன். அலுவலர் எழுதிய குறிப்பும் இருக்கிறது. ஆழமாகப் போட்டதோ தண்ணீரோ காரணம் என்றால், அது வரப்புப் பார்த்து உங்கள் விதையை மட்டும் எப்படிக் கெடுத்திருக்கும்?

சரி, அதோடும் விடவில்லை. முளைக்காத இடங்களில் சாலைக் கையால் கிளறிப் பார்த்தோம். மல்லாட்டை ஏன் முளைக்கவில்லை என்பதை மண்ணுக்குள் கிடக்கும் விதையே சொல்லிவிடும். ஆழம் அதிகமானால் விதை முளைத்திருக்கும், ஆனால் மேலே வர முடியாமல் வெள்ளைத் தண்டு தடித்து வளைந்து மண்ணுக்குள்ளேயே நிற்கும். மேல்மண் இறுகியிருந்தாலும் அப்படித்தான். பூச்சியோ கரையானோ என்றால் பருப்பு குடைந்திருக்கும், வெறும் தோல்தான் மிஞ்சும். கழுத்தழுகல் என்றால் முளைத்து வெளியே வந்த பிறகு, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, கரிப்பொடி மாதிரி பூசணம் அப்பியிருக்கும். நாங்கள் கிளறி எடுத்ததில் இது எதுவுமே பெரிதாக இல்லை. பெரும்பாலானவை போட்டது போட்டபடி முழுசாகக் கிடந்தன. தண்ணீரை உறிஞ்சி ஊதியிருந்தன, ஆனால் முளை வெளியே வரவே இல்லை. விரலால் அழுத்தினால் இரண்டு பருப்பும் வழுக்கிப் பிரிந்தது. உள்பக்கம் பழுப்பேறி, நடுவில் குருத்து இருக்க வேண்டிய இடம் கறுத்துப்போய், மூக்கருகில் கொண்டுபோனால் காறல் எண்ணெய் வாடை அடித்தது. சிலவற்றில் முளை அரை விரல்கடை நீண்டு, பக்க வேர் விடாமல் கட்டையாக நின்றுவிட்டது. அந்த விதை என் கொல்லையில் சாகவில்லை. உயிர் போன பிறகுதான் என் கொல்லைக்கே வந்தது.

இதை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்றுதான், மீதியிருந்த விதையிலிருந்து ஒரு கிலோ எடுத்து மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் பணிவிதை மாதிரியாகக் கொடுத்தேன். அங்கே 400 விதையைப் பிரித்து, ஈர மணலில் வைத்து, ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் எண்ணுகிறார்கள். அங்கே மண் இறுக்கம், மழை, ஆள் தவறு எதற்கும் இடமில்லை. வந்த முடிவு: இயல்பான நாற்று 41 சதவீதம், இயல்பற்ற நாற்று 14, செத்த விதை 45. மல்லாட்டைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு 70. "கதிரி விதைக்கு உறக்கம் இருக்கும், அப்புறம் முளைக்கும்" என்று உங்கள் கடைப் பையன் சொன்னதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. உறக்கத்தில் இருக்கும் விதை பத்து நாளானாலும் கெடாமல் அப்படியே இருக்கும், அதற்குத் தனிக் கட்டம் போட்டு எண்ணுவார்கள். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மல்லாட்டைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். தோலுக்குள் இருக்கும் வரை தாங்கும். உடைத்துப் பருப்பாக்கி வைத்துவிட்டால், சூடும் ஈரமும் பட்டு அந்த எண்ணெய் காறிப்போகும், முளைப்பு மளமளவென்று இறங்கும். இயந்திரத்தில் உடைத்ததாக இருந்தால் மேல் சிவப்புத் தோலில் கீறல் விழுந்து இன்னும் சீக்கிரம் கெடும். அதனால்தான் எங்கள் பக்கம் விதைக்கு வைப்பதைத் தோலோடு வைத்து, விதைப்புக்குக் கிட்டத்தில் உடைப்பது. விதைப் பருப்பில் ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

உங்கள் மூட்டையில் இருந்தது உடைத்த பருப்பு. அட்டையில் பரிசோதித்த தேதி ஜூன் மாதம். அங்கிருந்து டிசம்பர் வரைக்கும் ஆடிக் காற்று, புரட்டாசி வெயில், ஐப்பசி கார்த்திகை அடைமழை எல்லாவற்றையும் அந்தப் பருப்பு கடந்து வந்திருக்கிறது. எங்கே இருந்து? நான் மூட்டை எடுக்க வந்தபோது கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், யூரியா மூட்டைகளை ஒட்டி, கட்டை எதுவும் போடாமல் சிமெண்ட் தரையில் அடுக்கியிருந்தது. அடி மூட்டையின் கோணி ஈரத்தில் கறுத்திருந்தது. யூரியா காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும் சரக்கு. அதன் பக்கத்தில் விதையை வைக்கக் கூடாது என்று உரக்கடை நடத்துகிறவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"காலாவதித் தேதி மார்ச் வரைக்கும் இருக்கு" என்று அட்டையைக் காட்டினீர்கள். உண்மைதான், பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். ஆனால் ஜூன் மாதம் பரிசோதனையில் தேறிய விதைக்குத் தரப்படும் கெடு அது. அதற்குள் எப்படி வைத்தாலும் கெடாது என்ற உத்தரவாதம் இல்லை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட ரகத்தின் விதையை விற்பவர், அது குறைந்தபட்ச முளைப்புக்குக் குறையாமல் இருந்தால்தான் விற்கலாம் என்கிறது. விற்பவர் என்று சொல்லியிருக்கிறதே தவிர, தயாரித்தவர் மட்டும் என்று சொல்லவில்லை. உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. பில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. கம்பெனி அனுப்பும்போதே கெட்டிருந்ததா, உங்கள் கொட்டகையில் கெட்டதா என்பதை நீங்களும் கம்பெனியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அது முடியும் வரை என் நஷ்டத்தை நான் மட்டும் சுமக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது.

"அப்படின்னா முளைக்காத எடத்துல ஊனிக்கிட வேண்டியதுதானே" என்று உங்கள் கடையிலேயே ஒருவர் கேட்டார். வேறு பயிருக்கு அது சரி. மல்லாட்டையில் முதல் விதைப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஊனினால்தான் பலன். அதற்குப் பிறகு ஊனிய செடி மூத்த செடியின் நிழலில் நலிந்து வரும். அதைவிட முக்கியம், மல்லாட்டையை ஒரே தடவையில்தான் பறிக்க முடியும். மூத்த செடி முற்றும் நாளில் பறித்தால், பின்னால் ஊனியதில் காய் எல்லாம் பால் பருவத்தில் சுருங்கிக் கிடக்கும். பின்னால் ஊனியது முற்றட்டும் என்று காத்திருந்தால், முன்னதில் காம்பு இற்றுப்போய் காய் மண்ணிலேயே தங்கிவிடும், தண்ணீர் பட்டால் முளைத்தும் விடும். முளைக்கவில்லை என்று எங்களுக்கு உறுதியாகத் தெரிவதற்குள்ளேயே அந்தப் பத்து நாள் போய்விட்டது. முழுசாக அழித்து மறுபடி மல்லாட்டையே போடலாம் என்றால், உடனே போட நல்ல விதை வேண்டும். அன்றைக்கு நீங்கள் மாற்று விதை கொடுத்திருந்தால் தை பிறக்கும்போது போட்டிருப்பேன். கொடுக்கவில்லை. தை கடைசியில் போட்டால் காய் பிடிக்கும் காலம் சித்திரை வெயிலில் விழும், என் கிணறு அதுவரை தாங்காது.

அதனால் இரண்டு ஏக்கரில் ரொம்ப மோசமாக இருந்த ஒரு ஏக்கரை உழுது அழித்துவிட்டு உளுந்து போட்டிருக்கிறேன். இன்னொரு ஏக்கரை அப்படியே வைத்திருக்கிறேன். செடி நெருக்கம் இல்லாததால் வெயில் நேரே மண்ணில் விழுந்து களை முண்டியடித்து வந்தது. பக்கத்து அரை ஏக்கரில் ஒரு களையோடு மண் மூடிவிட்டது. இதில் இரண்டு களை வெட்டியும் மண் மூடவில்லை.

என் நஷ்டத்தை மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை, கணக்கைப் பாருங்கள். விதைக்குக் கொடுத்தது 19,200. அழித்த ஏக்கருக்கு முதல் உழவு 4,000, விதை போட்ட கூலி 3,900, திரும்ப உழுது அழித்தது 1,500, ஆக 9,400. அந்த ஏக்கரில் கொட்டிய எருவையும் அடியுரத்தையும் நான் கேட்கவில்லை. அது மண்ணில்தான் இருக்கிறது, உளுந்துக்கு ஆகும். இதுவரை நேராகக் கைவிட்டுப் போனது 28,600 ரூபாய்.

மகசூல் நஷ்டத்தை இப்போதே ஒரு தொகையாகச் சொன்னால் நீங்களும் ஏற்க மாட்டீர்கள், நானும் நியாயமாகச் சொன்னதாக ஆகாது. செடி குறைவாக இருந்தால் நிற்கிற செடி கொஞ்சம் அதிகம் காய்க்கும். அதனால் செடி 40 சதவீதம் என்பதற்காக மகசூலும் 40 சதவீதம்தான் வரும் என்று நான் வாதாட மாட்டேன். பங்குனி கடைசியில் பறிப்பு. அன்றைக்கு அரை ஏக்கரையும் ஒரு ஏக்கரையும் தனித்தனியே பறித்து, காயவைத்து, வேளாண்மை அலுவலர் முன்னால் எடை போடுவோம். நீங்களோ உங்கள் ஆளோ, கம்பெனிக்காரரோ தாராளமாக வந்து நிற்கலாம். என் சொந்த விதை கொடுத்த மகசூல்தான் அளவுகோல். அதன்படி ஒரு ஏக்கருக்கு வந்திருக்க வேண்டியதில் எவ்வளவு குறைகிறதோ, அதற்கு அன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலை. அழித்த ஏக்கருக்கும் அதே அளவுகோல், அதில் உளுந்தில் எனக்குக் கிடைப்பதைக் கழித்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது இவைதான்.

முதலாவது, அந்த லாட் எண்ணில் உங்களிடம் மீதி இருக்கும் மூட்டைகளை இன்றைக்கே விற்பனையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விதை ஆய்வாளர் வந்து மாதிரி எடுக்கும் வரை அது உங்கள் கடையில் இருக்க வேண்டும். நான் கொடுத்த மாதிரிக்கு வந்த முடிவு எனக்கான தகவல்தான், ஆய்வாளர் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் நடவடிக்கைக்குச் செல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே விதை விதிகள் 23-ஏ படி ஆய்வாளரிடம் எழுத்துப் புகார் கொடுத்துவிட்டேன். பயிர் கெட்டதற்கு விதைதான் காரணம் என்று விவசாயி எழுதிக் கொடுத்தால், அட்டை, மூட்டை, மீதி விதை எல்லாவற்றையும் வாங்கி விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டியது அவர் கடமை. என் பங்கு 10 கிலோவில் பரிசோதனைக்குக் கொடுத்தது போக இருப்பதை அவருக்காக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, அந்த லாட்டை நீங்கள் எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், யார் யாருக்கு விற்றீர்கள் என்ற இருப்புப் பதிவேட்டையும், கம்பெனி பில்லையும் ஆய்வாளரிடம் காட்டுங்கள். என் ஊரிலேயே இன்னும் மூன்று பேர் இந்த விதையைப் போட்டு, தங்கள் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கியவர்களுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விதைப் பணமும் அழித்த ஏக்கரின் செலவும் சேர்ந்த 28,600 ரூபாயை வரும் பங்குனி முதல் தேதிக்குள் கொடுங்கள். விதைப் பணத்துக்குப் பதிலாக ஆடிப் பட்டத்துக்கு மாற்று விதை தருவதாக இருந்தால் அதையும் ஏற்கிறேன். ஆனால் உடைத்த பருப்பு வேண்டாம். தோலோடு கூடிய, நீல அட்டை போட்ட சான்று விதையாக, இரண்டு ஏக்கருக்கு ஆகும் அளவு வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் கண் முன்னால் நூறு விதை உடைத்து ஈரக் கோணியில் சுருட்டி முளைப்புப் பார்த்துத்தான் எடுப்பேன்.

நான்காவது, பறிப்பு நாளில் வரும் மகசூல் குறைவுக்கு மேலே சொன்ன கணக்குப்படி இழப்பீடு தருவதாக இப்போதே எழுத்தில் கொடுங்கள். தொகையை எடை போட்ட பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பங்குனி முதல் தேதி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் கடையையும் விதைக் கம்பெனியையும் சேர்த்தே மனு போடுவேன். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனு போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, பில்லும் அட்டையும் பரிசோதனை முடிவும் அலுவலரின் குறிப்பும் ஒரே உறையில் இருக்கின்றன. இருந்தாலும் ஆணையத்துக்குப் போகாமல் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உரமும் விதையும் உங்கள் கடையில்தான் வாங்கினோம்.

பதிலை எழுத்தில், தேதி போட்டு, கடை முத்திரையோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மல்லாட்டை விவசாயி ஒருவர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.